தெரியுதா என்று கேட்காதீர்கள்

ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, கூடவே ஒரு கேள்வி. கட்டில் பக்கம் குனிந்து, படுத்திருப்பவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், "என்னைத் தெரியுதா?" என்று கேட்டால்தான் வந்தவர்களுக்கு வந்த மாதிரி இருக்கும். அவர் தலையாட்டிவிட்டால் திருப்தி. பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் திரும்பிப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் அதே பேச்சுதான். அன்பில் கேட்கிற கேள்வி அது. கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை.

அஞ்சலாட்சியும் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் குனிந்து அப்படிக் கேட்டவள்தான். தன் வீட்டுக்காரரிடமே ஒருநாள் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் வீட்டுக்காரர் பலராமனுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு குடோன் வாட்ச்மேனாக இருந்து, அதையும் விட்டுவிட்டு, அரியாங்குப்பத்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு, மருமகளிடம் மரியாதையாகவும் பெண்டாட்டியிடம் அதட்டலாகவும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தறி இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. அதனால் காதுக்கு ஒரு மிஷின். கண்ணுக்குக் கண்ணாடி. மேல்வரிசைக்குப் பல்செட். இந்த மூன்றையும் மாட்டிக்கொண்டால்தான் அவர் முழு மனுஷன். காலையில் அவற்றை மாட்டுகிற வரைக்கும் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படி ஒன்றையும் மாட்டாமல் ஒருநாள் காலை பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனார். மருமகள் கலைமகள் அப்போதுதான் வாசலைக் கழுவிவிட்டிருந்தாள். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆம்புலன்ஸில் டவுனுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளே ஆபரேஷன் செய்து கம்பி வைத்துவிடலாம், சீக்கிரம் வைத்தால்தான் சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப்போகும் முன்னால், அவர் உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மோதிரம், அரைஞாண் கயிறு, கண்ணாடி, காது மிஷின், பல்செட் என்று எல்லாம் அஞ்சலாட்சியின் முந்தானைக்கு வந்து சேர்ந்தது. அவள் அண்ணன் கலியமூர்த்தி பக்கத்தில் நின்றார். விசேஷமானாலும் துக்கமானாலும் முன்னால் நிற்கிறவர் அவர். பொது வார்டில் சாமான் எதுவும் தங்காது, தன்னுடைய புதுச் செருப்பே இங்கேதான் போனது என்று அவர் சொல்லவும், எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மகன் செம்மலிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பைக் சாவியோடு கோத்துக்கொண்டான். பத்திரமென்றால் அப்படியொரு பத்திரம்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். உள்ளே போனதும் அவர் பயந்து நடுங்கியதால், அசையாமல் படுத்திருக்க, நரம்பு வழியாகக் கொஞ்சம் மயக்க மருந்தும் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் கண் விழித்து அஞ்சலாட்சியைப் பார்த்து, காப்பி கிடைக்குமா என்று கேட்டார். அவள் மணக்குள விநாயகருக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை அன்றைக்கே உடைத்துவிடலாமா என்று யோசித்தாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது வேறொரு ஆள் கட்டிலில் இருந்தார்.

முகம் அவருடையதுதான். பார்வை மட்டும் எங்கேயோ போய்விட்டிருந்தது. வலது கையின் இரண்டு விரலால் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, இல்லாத ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் ட்யூபைப் பிடித்து அதையும் முறுக்கினார். வார்டில் இருந்தவர்களுக்கு அது பைத்தியக்காரச் சேட்டை. அஞ்சலாட்சிக்கு அது என்னவென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அறுந்துபோன இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மில் மூடி அந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. அவர் விரல் மட்டும் இன்னும் ஷிஃப்டில் இருந்தது.

பார்வை நேரம் வந்தது, சொந்தக்காரர்களும் வந்தார்கள். கொரோனா காலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மாஸ்க் ஒரு பழக்கமாகிவிட்டது. முக்கால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்தார்கள். என்னைத் தெரியுதா மாமா? என்னைத் தெரியுதா பெரியப்பா? சொல்லுங்க பாக்கலாம், நான் யாரு? பலராமன் ஒவ்வொரு முகத்தையும் கலக்கத்தோடு பார்த்தார். பதில் வராதபோது இன்னும் உரக்கக் கேட்டார்கள். கடைசியில் அவர் கையை ஓங்கினார். வாழ்நாளில் யாரையும் அடிக்காத மனுஷன்.

அஞ்சலாட்சியும் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னைத் தெரியுதாங்க?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சூப்பர்வைசர் வந்தா திட்டுவாரும்மா. பொம்பளைங்க இந்தப் பக்கம் வரக் கூடாது," என்றார்.

வராண்டாவில் சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மூளை கலங்கிவிட்டது என்றார் ஒருவர். வயசான காலத்தில் மயக்க மருந்து கொடுத்தால் இப்படித்தான், இனி திரும்பாது என்றார் இன்னொருவர். கலியமூர்த்தி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனால், விழுப்புரம் ரோட்டில் ஓர் இல்லம் இருக்கிறதாம், நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்களாம், தான் விசாரித்து வைக்கிறேன் என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அஞ்சலாட்சியால் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எலும்பு முறிந்தால் கம்பி வைக்கலாம். ஆளே போய்விட்டால் எதை வைப்பது? சண்டை போடவாவது அந்த மனுஷன் திரும்பி வருவாரா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மத்தியானம் பலராமன் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். தூக்கம் வராமல் டாக்டர் அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை. தினம் இரவு அவர் போடுவது. பாதியை உடைத்து டீயில் கரைத்தார். ரெண்டு மணி நேரம் நல்லா தூங்கினா எல்லாம் தெளிஞ்சிடும் என்றார். அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டம்ளரை அவளே வாயில் வைத்துப் புகட்டினாள்.

தூங்கினார். சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழவில்லை. தூக்கி உட்கார வைக்க ஆள் வந்தபோதும் தலை தொங்கிப்போயிற்று. வெயில் இறங்கும் நேரத்துக்கு விழித்தார். விழித்தவர் காலையில் இருந்ததைவிட இரண்டு பங்கு மோசமாக இருந்தார். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டார். ரத்தம் போர்வையில் சொட்டியது. தட்டாஞ்சாவடியில் வேலை முடிந்து நேராக வந்திருந்த செம்மல் அதைப் பார்த்து மிரண்டுபோனான். கையைக் கட்டிவிடலாமா, இல்லை தூங்குவதற்கு ஓர் ஊசி போட்டுவிடச் சொல்லலாமா என்று நர்ஸிடம் கேட்டான்.

சுடர்விழி என்று அந்த நர்ஸுக்குப் பெயர். கையைக் கட்டினால் இன்னும் முரண்டு பிடிப்பார், அதில் வேறு எலும்பும் போகும் என்று சொல்லிவிட்டு, பஞ்சை வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடியே டாக்டரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் விக்ரம் என்கிற டாக்டர். மீசை இப்போதுதான் திடமாகியிருக்கிற வயசு. ஆனால் அவசரப்படாமல் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு எப்படி, உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு, ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறதா, வயிறு கட்டியிருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். தினமும் குடிக்கிற பழக்கம் உண்டா, வீட்டில் தூக்க மாத்திரை போடுவாரா என்று கேட்டார். குடியை மில்லோடு சேர்த்து மூடிவிட்டார், மாத்திரை கிடையாது என்றாள் அஞ்சலாட்சி. விழுவதற்கு முந்தின நாள் வரைக்கும் நினைவெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டார். பேப்பரில் எழுத்துப் பிழை பிடிக்கிற அளவுக்கு இருந்தது என்றாள்.

"இங்க குடுக்குற மருந்தைத் தவிர, வெளியில இருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

செம்மல் இல்லை என்றான். அவனுக்குத் தெரியாது. கலியமூர்த்தி சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

அஞ்சலாட்சி அண்ணனைப் பார்த்தாள். அவளைத் தூக்கி வளர்த்தவர், கல்யாணம் பண்ணிக் கொடுத்தவர். பேரன் வயசு டாக்டர் எதிரில் அவரைத் தலைகுனிய வைப்பதா? செம்மல் எதிரில், வார்டு எதிரில்? வாயை மூடிக்கொண்டால் பாதி மாத்திரைதானே என்று போய்விடும். அப்போது பலராமனின் விரல் மறுபடி போர்வையைக் கிள்ளியது. கிள்ளிக் கிள்ளி, இழை அகப்படாமல், வெறும் காற்றை முடிந்தது.

"குடுத்தோம் சார்," என்றாள். "மத்தியானம் டீயில தூக்க மாத்திரை, பாதி. நான்தான் ஊட்டினேன்."

பிறகு கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். "என்னுது சார். தங்கச்சி மேல தப்பு இல்ல. தூங்கினா தெளிவாருன்னு நெனச்சேன்."

டாக்டர் அட்டையின் பெயரைப் படித்தார். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"அது தூக்கம் இல்லீங்க பெரியவரே, மப்பு. உங்களுக்குச் சரியா இருக்குற மாத்திரை இவருக்கு ஆகாது. சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி. இல்லேன்னா இது எதனாலன்னு நான் எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருப்பேன்."

பிறகு அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூவருக்கும் விளங்கும்படி சொன்னார். இது பைத்தியம் இல்லை. மூளை கெட்டுப்போய் வருகிற மறதி நோயும் இல்லை; அது மெல்ல மெல்ல வருவது, இது திடுமென்று வந்தது. வயசானவர்களுக்கு ஆபரேஷன் ஆனபின் இப்படி ஒரு குழப்பம் வருவது உண்டு. ஆபரேஷனின்போது கொடுத்த மயக்க மருந்து, வலி, தூக்கமில்லாதது, புது இடம் என்று பல காரணம் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் இந்தப் பாதி மாத்திரையும் சேர்ந்துவிட்டது. ஒரு நேரம் தெளிவாக இருப்பார், ஒரு நேரம் குழம்புவார், சாயங்காலமானால் கூடும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் சரியாகிவிடும், சிலருக்குச் சில வாரம்கூட ஆகும். இன்ன நாளில் என்று தன்னால் எழுதிக்கொடுக்க முடியாது. வலிக்கு மருந்து சரியாகக் கொடுப்போம், மற்றக் காரணங்களைத் தேடிப் பார்ப்போம். தூங்க வைக்கிற மருந்து, அவருக்கோ மற்றவர்க்கோ ஆபத்து என்கிற நிலை வந்தாலொழிய வேண்டாம்.

"அப்ப இதுக்கு மருந்து?" என்றான் செம்மல்.

"பாதி மருந்து நீங்கதான்," என்றார் டாக்டர். அதைச் சுடர்விழி சிஸ்டர் சொல்லிக்கொடுப்பார் என்று எழுந்து போனார்.

சுடர்விழி முதலில் கேட்டது இதுதான்: பேப்பர் படிப்பார் என்றார்களே, அந்தக் கண்ணாடி எங்கே?

அஞ்சலாட்சி மகனைப் பார்த்தாள். மகன் பைக் சாவியைப் பார்த்தான். காது மிஷினும் அங்கேதான் என்று மெதுவாகச் சொன்னான். பல்லும்.

சுடர்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்ணும் தெரியாமல், காதும் கேட்காமல், தெரியாத ஓர் இடத்தில் மருந்து மயக்கத்தோடு விழித்தால் தனக்கே புத்தி கலங்கிவிடும் என்றாள். வாய் அசைவைப் பார்த்தாவது புரிந்துகொள்வாரே என்றால், வருகிறவர்கள் எல்லாரும் வாயையும் மூடிக்கொண்டு வருகிறார்கள். செம்மல் அதற்குள் படியில் இறங்கியிருந்தான். பாலத்தில் அந்த நேரத்து நெரிசலில் அவன் அப்படி ஓட்டியது கலைமகளுக்குத் தெரிந்திருந்தால் தனியாக ஒரு பூசை நடந்திருக்கும்.

"இன்னொன்னும்மா," என்றாள் சுடர்விழி. "தெரியுதா தெரியுதான்னு கேக்காதீங்க. அவருக்குத் தெரியல, தெரியலேன்னு அவருக்கே பயமா இருக்கு. பரிச்சை வெக்காம நீங்களே சொல்லிடுங்க. நான் இன்னாரு, இது ஆஸ்பத்திரி, இப்ப காலைன்னு. மில்லுன்னு சொன்னா சண்டைக்கும் போகாதீங்க, ஆமான்னு தலையும் ஆட்டாதீங்க. பேச்சை மாத்துங்க."

அன்று இரவுக்குச் செம்மல் துணை இருந்தான். சுடர்விழி சொல்லிவிட்டுப் போயிருந்தபடி, அந்தப் பக்கத்து விளக்கைக் குறைத்து, தேவையில்லாமல் எழுப்பாமல் விட்டார்கள். கொஞ்சம் தூங்கினார், கொஞ்சம் முனகினார்.

மறுநாள் காலையிலிருந்து அஞ்சலாட்சிக்கு வேலை வந்துவிட்டது. வேலை என்று ஒன்று கையில் கிடைத்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. கட்டிலை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். வீட்டுக் கூடத்துக் காலண்டரைக் கழற்றிவரச் சொல்லி எதிர்ச் சுவரில் மாட்டினாள். அவர் வழக்கமாகப் போர்த்துகிற நீலத் துண்டைக் கொண்டுவந்தாள். இழை தேடுகிற விரலுக்கு அதன் குஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். அதற்கப்புறம் டிரிப்ஸ் ட்யூபை அவர் தேடவில்லை. பல்செட்டைக் கழுவி மாட்டினாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள், காது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். பகலில் கண் சொருகினால் பேப்பரை எடுத்துத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். வார்த்தைக்கு வார்த்தை அவள் தப்பாகப் படிக்கிறபோது, எங்கேயோ இருந்த மனுஷன் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கலியமூர்த்திக்கும் ஒரு வேலை கிடைத்தது. காலையிலிருந்து அவர் தங்கை முகத்தைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். அஞ்சலாட்சிதான், கூட்டம் சேரவிடாமல் நீ பார்த்துக்கொள் அண்ணே, உன் பேச்சைத்தான் கேட்பார்கள் என்றாள். அவ்வளவுதான், வார்டு வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தேர்தல் பூத்தில்கூட அத்தனை கண்டிப்பு இருக்காது. ஒரு நேரத்துக்கு ஓர் ஆள். மாஸ்க்கைக் கழற்று. எதிரில் நின்று பேசு, முதுகுப் பக்கம் நிற்காதே. பேரைச் சொல்லு, கேள்வி கேட்காதே.

"தெரியுதான்னு ஒருத்தன் கேட்டான், அவனை இந்தப் படியில இருந்தே திருப்பி அனுப்பிடுவேன்," என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த ஓர் ஒன்றுவிட்ட தம்பியிடம் அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

பலராமன் காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். பிசியோ பயிற்சி கொடுக்கிற பெண் வந்து, வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள். வலியில் பல்லைக் கடித்தாலும், பல் இருந்ததால் கடிக்க முடிந்தது. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து தானே சாப்பிட்டார். ஆனால் அஞ்சலாட்சி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. செம்மலை செம்மல் என்றார். கலியமூர்த்தியை மச்சான் என்றார். அவளை மட்டும் புதியவளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவள் கேட்கவில்லை. பரிச்சை வைக்கவில்லை. காலையில் வந்ததும், சாப்பிட உட்கார்ந்ததும், விழித்ததும், அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னாள்.

"நான் அஞ்சலாட்சி. இது ஆஸ்பத்திரி. இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு, நல்லா ஆயிட்டு வருது. நான் கூடவே இருக்கேன்."

ஒருநாள் மாலை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்த நேரம், அதைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"எங்க வீட்டுலயும் அஞ்சலாட்சிதான்," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் அது என்று அடித்துச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சண்டைக்கும் போகாதே, ஆமாம் என்றும் சொல்லாதே. "கை குளிருதா?" என்று மட்டும் கேட்டுத் துண்டை இழுத்துவிட்டாள்.

அவர் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. எங்க வீட்டுக்காரி வாய் பெரிசு, தெரு முழுக்கக் கேட்கும் என்றார். வெறால்மீன் குழம்பு வைத்தால் அதுவும் தெரு முழுக்க வாசம் வரும் என்றார். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, அப்புறம் பிடிக்க முடியாது என்றார். அஞ்சலாட்சி சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு கொஞ்ச நேரம் துண்டின் குஞ்சத்தை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மில்லு மூடினாங்க பாரு," என்றார். "வீட்டுல நான் சொல்லல. காலைல கெளம்பிப் போயி பொட்டானிக் கார்டன்ல உக்காந்திருப்பேன். அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியுமே, அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் தினம் காலைல எழுந்து சோறு கட்டிக் குடுத்தா. எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல."

அஞ்சலாட்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மில் மூடியது தெரிந்தேதான் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தோம் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இந்த மனுஷன் மனதில் இவ்வளவு இடம் இருந்ததா? அவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லையே என்கிற வேதனை அன்று சாயங்காலத்தோடு அவளுக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. அவருக்குத் தன்னைத் தெரிந்துதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளோடு அதைச் சேர்த்து வைக்கத்தான் அவரால் முடியவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு மறுபடி தறி ஓட ஆரம்பித்துவிட்டது. யார் மிஷினை நிறுத்தியது என்று அதட்டினார். அவள் சுடர்விழியிடம் போய் நின்றாள். காலையில் ஏறின தெளிவு இப்போ இறங்கிப்போச்சே என்றாள். ஏறி இறங்கித்தான் சரியாகும், நேற்றைவிட இன்றைக்குச் சத்தம் குறைச்சல்தானே என்றாள் சுடர்விழி. யோசித்துப் பார்த்தால் குறைச்சல்தான். ரத்தப் பரிசோதனையில் உப்பு கொஞ்சம் குறைவு என்று வந்ததற்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. மலச்சிக்கலுக்கும் கொடுத்தார்கள், அது நீங்கினதும் மனுஷன் முகமே தெளிந்தது.

அப்புறம் ஒரு காலை. அஞ்சலாட்சி வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, காது மிஷின், பல் மூன்றும் மாட்டி, பேப்பரும் கையில். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். நான் அஞ்சலாட்சி, இது ஆஸ்பத்திரி...

அவர் பேப்பரைத் தாழ்த்திக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஏன், பேரு மாத்திக்கப் போறியா? இத்தினி நேரம் கழிச்சி வர்ற. சட்னியாவது ஒழுங்கா வெச்சியா?"

இட்லியைப் பிரித்து வைத்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் சட்னி கொஞ்சம் அவர் வேட்டியில் சிந்தியது. அதற்கும் திட்டினார். அவள் நின்று முழுசாக வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள், இந்தம்மாவுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று பார்த்தார்கள்.

சுடர்விழி முன்பே எச்சரித்திருந்தாள்: தெளிந்ததும் சில விஷயம் அரைகுறையாக நினைவிருக்கும், வெட்கப்படுவார்கள், கேலி செய்யாதீர்கள். அதனால் கையை ஓங்கியதையும் டிரிப்ஸைப் பிடுங்கியதையும் யாரும் எடுக்கவில்லை. அவரே கேட்டபோது, மருந்தில் கொஞ்சம் குழம்பிப் போயிருந்தீங்க, இப்ப சரியாயிட்டீங்க என்று மட்டும் அஞ்சலாட்சி சொன்னாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மறுபடி குழப்பம் வந்தால் உடனே கூட்டிவரச் சொன்னார். இனி எந்த ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே இப்படி வந்ததைச் சொல்லிவிடச் சொன்னார். யார் சட்டைப் பையிலிருந்தும் மாத்திரை வேண்டாம் என்றும் சொன்னார். கலியமூர்த்தி இந்த முறை ஃபேனைப் பார்க்காமல், சரி சார் என்றார்.

பலராமன் வீட்டுக்கு வந்த மறுநாளே கலியமூர்த்தி பார்க்க வந்தார். வாசல் காய்ந்திருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, கட்டிலுக்கு எதிரில், முகம் தெரிகிற மாதிரி நின்றார்.

"மாப்ளே, நான் கலியமூர்த்தி. அஞ்சலாட்சிக்கு அண்ணன். இது உன் வீடு. இப்ப சாயங்காலம்."

பலராமன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அஞ்சலாட்சியைப் பார்த்து, "ஒங்க அண்ணனுக்கு இன்னா ஆச்சி? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார். அடுப்படியில் கலைமகள் சிரித்த சத்தம் கேட்டது. கலியமூர்த்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு பலராமன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தார். அஞ்சலாட்சி பின்னாலேயே, பிடிக்காமல், பிடிக்கிற தூரத்தில் நடந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு நின்றவர் என்னவோ யோசித்தார்.

"ஆஸ்பத்திரில ஒரு பொம்பளை பக்கத்துல உக்காந்திருந்துச்சே," என்றார். "கையைப் புடிச்சிக்கினு. நல்ல பொம்பளை. தண்ணி குடுத்துக்கினே இருந்துச்சி. யாரு அது?"

அஞ்சலாட்சி அவர் தோளில் நழுவின நீலத் துண்டை எடுத்துச் சரியாகப் போட்டாள்.

"தெரியல. அது அப்பவே டிஸ்சார்ஜ் ஆயி போயிடுச்சி."

"சொல்லிட்டு வந்திருக்கலாம்," என்றார் அவர் வருத்தமாக. "பேருகூடக் கேக்கல பாரு."

"கேக்காட்டி இன்னா? அதுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் வெறால்மீன் கழுவப் போனாள்.